நிதித் தலைவர் தேடும் எண்

ஸ்பின்னிங் மில்லில் பராமரிப்புப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு, புது மெஷின் கேட்டு நிதித் தலைவர் முன்னால் உட்காருவது வழக்கமான வேலை. அப்படி நான் கொண்டுபோன கோரிக்கைகளில் ஏர் கம்ப்ரசரை மாற்றக் கேட்டது பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். சேமிப்பைக் கணக்கிடும்போது எதைச் சேர்க்கக் கூடாது என்பதை அதில்தான் தெளிவாகக் கற்றேன்.

எங்களிடம் இருந்தது பழைய 75 கிலோவாட் ஸ்க்ரூ கம்ப்ரசர். லோடில் ஓடும்போது 82 கிலோவாட் இழுக்கும். காற்றுத் தேவை குறைந்து அன்லோடுக்குப் போனாலும் மோட்டார் நிற்காது, ஒரு சி.எஃப்.எம். காற்றுகூடக் கொடுக்காமல் 26 கிலோவாட் இழுத்துக்கொண்டிருக்கும். அந்த வீணைத் தவிர்க்கத்தான் வி.எஃப்.டி. வைத்த 55 கிலோவாட் மெஷினைக் கேட்டேன். தேவைக்கு ஏற்ப அதன் வேகம் கூடும், குறையும்.

விற்க வந்தவர் கொடுத்த தாளில் ஒன்றரை வருடத்துக்குள் முதல் திரும்பிவிடும் என்று இருந்தது. அவருடைய கூட்டல் கழித்தலில் தவறில்லை. எங்கள் கம்ப்ரசர் அப்போது 72 சதவீத நேரம் லோடில் ஓடியது. அதன்படி சராசரி 66 கிலோவாட். புது மெஷின் 47. வித்தியாசம் 19 கிலோவாட். ஆனால் அந்த 72 சதவீதத்துக்குள் ஏர் லீக்கும் சேர்ந்திருந்தது, புது மெஷினின் 47-க்குள் அது சேரவில்லை. அதை அடைக்கப் புது மெஷின் தேவையில்லை. ஹோஸ், கிளாம்ப், கப்ளிங் போதும்.

எனவே தாளை மேலே அனுப்பும் முன் ஒரு விடுமுறை நாளில் லீக் டெஸ்ட் எடுத்தோம். ஆட்டோகோனர் உட்பட காற்று பிடிக்கிற எல்லா மெஷினும் நின்றிருக்க, கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு லோடு நேரத்தையும் அன்லோடு நேரத்தையும் குறித்தோம். 1 நிமிடம் லோடு, 4 நிமிடம் அன்லோடு. யாருமே காற்று எடுக்காதபோது ஐந்தில் ஒரு பங்கு நேரம் லோடில் ஓடுகிறதென்றால், கம்ப்ரசர் தரும் காற்றில் 20 சதவீதம் லீக்கிலேயே போகிறது என்று அர்த்தம். கிடைத்த இடங்களையெல்லாம் அடைத்ததில் 20 என்பது 8 ஆனது. மில் ஓடும் நாளில் லோடு நேரம் 72-லிருந்து 60 சதவீதத்துக்கு இறங்கியது. அதன்பிறகு பேனலில் பவர் லாகர் மாட்டி ஒரு வாரம் பதிவெடுத்தோம். சராசரி 59.6 கிலோவாட்.

இந்த 59.6-ஐத்தான் அடிப்படையாக வைத்தேன். சேமிப்பு 19-லிருந்து 12.6 கிலோவாட்டாகச் சுருங்கியது. கோரிக்கையின் பலத்தை நானே குறைத்துக்கொண்டது போலத் தோன்றும். ஆனால் நிதித் தலைவர் கேட்ட முதல் கேள்வியே, "லீக்கை அடைச்சா இதுல பாதி வந்துடுமேங்க?" என்பதுதான். "அடைச்சாச்சுங்க சார். இது அதுக்கப்புறம் எடுத்த ரீடிங்" என்று லாகர் தாளை நீட்ட முடிந்தது. அதன்பிறகு மின் அளவுகளைப் பற்றி அவர் கேள்வி எழுப்பவில்லை.

அடுத்தது ஒரு யூனிட்டின் விலை. பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, வரும் சராசரியைப் போடுவதுதான் பலருடைய பழக்கம். அந்தச் சராசரிக்குள் டிமாண்ட் சார்ஜும் அடங்கியிருக்கிறது. கம்ப்ரசர் 12 கிலோவாட் குறைவாக இழுப்பதால் மட்டும் மில்லின் ஒப்பந்த டிமாண்ட் குறைந்துவிடாது. உண்மையில் மிச்சமாவது யூனிட் கட்டணம் மட்டுமே. எங்கள் கணக்கில் 7 ரூபாய் 50 காசு. சொந்தக் காற்றாலை உள்ள மில்களில் இன்னொரு கேள்வியும் வரும்: மிச்சமாகும் யூனிட் காற்றாலையுடையதா, மின்வாரியத்திடம் வாங்குவதா? காற்று சீசனிலும் வாரியத்திடம் கொஞ்சமாவது வாங்குகிற மில் என்றால், குறைவது வாங்கும் யூனிட்தான். வாரிய விலையைப் போடலாம். சொந்த மின்சாரமே மிஞ்சிப்போகும் மாதங்கள் இருந்தால் அவற்றுக்கு அந்த விலையைப் போடக் கூடாது.

வருடத்துக்கு 8,400 மணி நேர ஓட்டம். 12.6 கிலோவாட் என்பது 1,05,840 யூனிட்; ரூபாயில் சுமார் 7.94 லட்சம். மெஷின் 16 லட்சம். பைப், கேபிள், பவுண்டேஷன், இறக்கும் கூலி எல்லாம் 1.4 லட்சம், ஆக மொத்தம் 17.4 லட்சம். முதல் திரும்ப ஏறக்குறைய 2.2 வருடம்.

ஒரே கொட்டேஷனை மட்டும் வைத்து ஒப்புதல் கேட்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வி.எஃப்.டி. இல்லாத 55 கிலோவாட் மெஷினையும் பக்கத்திலேயே வைத்தேன். அது 11 லட்சம். பொருத்தும் செலவு அதே 1.4 லட்சம். சராசரி 50.6 கிலோவாட் இழுக்கும். வருடச் சேமிப்பு 5.67 லட்சம். வகுத்துப் பார்த்தால் அதற்கும் 2.2 வருடம்தான் வருகிறது! இரண்டுக்கும் ஒரே காலம் என்றால் விலை குறைந்ததை வாங்கலாமே என்று யாருக்கும் தோன்றும். அவரும் அதையே கேட்டார்.

முதல் திரும்பும் காலம் அந்த நாள்வரைக்கும்தான் பேசும். அதற்குப் பிறகு ஓடும் வருடங்களைப் பற்றி எதுவும் சொல்லாது. எனவே கேள்வியை மாற்றி வைத்தேன். வி.எஃப்.டி.க்காகக் கூடுதலாகப் போடும் 5 லட்சத்தைத் தனி முதலீடாகப் பாருங்கள். அது வருடத்துக்குக் கூடுதலாக 2.27 லட்சம் தருகிறது, அதுவும் 2.2 வருடத்தில் திரும்பிவிடுகிறது. அதன்பிறகு மெஷின் ஓடும் ஒவ்வொரு வருடமும் அந்த 2.27 லட்சம் மில்லுக்கு மிச்சம். இந்த ஒரு வரிக்குத்தான் அவர் பேனாவை எடுத்து அடிக்கோடிட்டார்.

எல்லா மில்லுக்கும் வி.எஃப்.டி. பொருந்தும் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்ப்ரசர் எந்நேரமும் முழு லோடை ஒட்டியே ஓடினால் டிரைவில் போகும் சில சதவீத இழப்பு நட்டத்தில்தான் முடியும். சிறிய மெஷின் தாங்குமா என்பதையும் பதிவிலிருந்தே காட்ட வேண்டும். எங்கள் பழைய மெஷின் தருவது 430 சி.எஃப்.எம்.; மிக நெருக்கடியான மணி நேரத்தில் அது 75 சதவீதம் லோடில் இருந்தது. அதாவது 322. புதியது 350 தரும். இந்த வரி இல்லாவிட்டால் உற்பத்தித் தரப்பிலிருந்து ஒருவர் "காற்று பத்தாது" என்று சொன்னாலே ஃபைல் திரும்பிவிடும்.

வரி விஷயத்தைக் கணக்குப் பிரிவிடம் கேட்டே எழுதினேன். உள்ளீட்டு வரி வரவு எடுக்கிற மில் என்பதால் ஜி.எஸ்.டி.யை விலையில் சேர்க்கவில்லை; ஆனால் முதலில் கையிலிருந்து போகும் பணம் என்று தனியாகக் காட்டினேன். நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்ட மெஷினுக்கு அந்த ஆண்டு பாதித் தேய்மானம்தான் கிடைக்கும். அதனால் அக்டோபருக்கு முன்பே ஓட்டத்துக்கு வருகிற மாதிரி டெலிவரி தேதியை வைத்தேன்.

தாளின் அடியில், சேமிப்பு கால் பங்கு குறைந்தால் என்னவாகும் என்றும் எழுதியிருந்தேன்: வருடத்துக்கு 5.95 லட்சம், முதல் திரும்ப 2.9 வருடம். எங்கள் மில்லில் மூன்று வருடத்துக்குள் திரும்பாத முதலீட்டுக்கு ஒப்புதல் கிடைப்பது கஷ்டம். மோசமான நிலையிலும் அந்த எல்லைக்குள் நிற்கிறது என்பதை அவரே கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தார்.

"வாங்கினதுக்கு அப்புறம் இதை யாருங்க அளப்பாங்க?" என்பது அவருடைய கடைசிக் கேள்வி. மெஷின் ஓடத் தொடங்கியதும் அதே லாகரை, அதே பேனலில், அதேபோல் ஒரு வாரம் மாட்டி ரீடிங் தருவதாக எழுதிக் கொடுத்தேன். 47 கிலோவாட்டை விற்பனையாளர் பர்ச்சேஸ் ஆர்டரில் ஒப்புக்கொள்ள வேண்டும், அந்த ரீடிங் வரும்வரை பத்து சதவீதப் பணத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்ற நிபந்தனையை அவர் சேர்த்தார். அதன்பிறகு கையெழுத்துப் போட்டார்.