கொத்துக்கறிக்கு ஆயுசு கம்மி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. கறிக்கடை வாசலில் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். "பாய், தொடையில ஒரு கிலோ போடுங்க. அரைக் கிலோ துண்டாவே இருக்கட்டும், அரைக் கிலோவைக் கொத்திக் குடுத்துருங்க" என்கிறார் ஒருவர். கடைக்காரர் புளியங்கட்டைமேல் கறியைப் போட்டு இரண்டு கத்திகளால் தாளம் தட்டுகிறார். இரண்டு பொட்டலங்களும் ஒரே பையில் விழுகின்றன. பை வண்டியின் கொக்கியில் ஆடியபடியே டிபன் கடைக்கும் காய்கறி மார்க்கெட்டுக்கும் போய், பத்தரைக்கு வீடு வந்து, ஃப்ரிட்ஜுக்குள் நுழைகிறது.

மறுநாள் சாயங்காலம் துண்டுக்கறி நன்றாகவே இருக்கிறது. கொத்துக்கறியில் மட்டும் லேசான புளிப்பு வாடை. வீட்டில் தீர்ப்பு உடனே வந்துவிடும்: "கொத்திக் கேட்டா பழைய கறியைத்தான் தள்ளிவிடுவாங்க."

அப்படிச் செய்கிற கடைகள் இல்லாமல் இல்லை. ஆனால் இங்கே இரண்டும் ஒரே தொடை, ஒரே நிமிடத்தில் வெட்டியவை. ஏமாற்று எதுவும் இல்லாமலேயே கொத்துக்கறி முந்திக் கெடும்.

ஆரோக்கியமான ஆட்டின் தசைக்குள்ளே கிருமி அநேகமாக இருக்காது. கிருமி வருவதெல்லாம் வெளியிலிருந்துதான்: தோலுரிக்கும்போது மயிரிலிருந்து, குடலிலிருந்து, கத்தி, கை, கட்டை, ஈ என்று. அவை கறியின் மேற்பரப்பில்தான் உட்காருகின்றன. தொங்குகிற தொடையின் மேல்புறம் காற்றில் உலர்ந்து ஒரு மெல்லிய படலம்போல ஆகிவிடுவதும் உண்டு. ஈரம் குறைந்த இடத்தில் கிருமி சுணங்கித்தான் வளரும். துண்டுக்கறி தாக்குப்பிடிப்பதன் ரகசியம் இதுதான்.

கொத்தும்போது இந்த வெளிப்புறம் உள்ளே போகிறது. ஒரு கிலோ கறியை ஒரே கட்டியாக, பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் உள்ள சதுரக் கட்டியாக நினைத்துக்கொள்ளலாம். அதன் மொத்த மேற்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர், ஏறத்தாழ ஒரு ஏ4 தாள். அதையே அரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் 8,000 துண்டுகள். மேற்பரப்பு 12,000 சதுர சென்டிமீட்டர். ஒரு தாள் இருந்த இடத்தில் கிட்டத்தட்ட இருபது தாள்! அவ்வளவிலும் காற்று படுகிறது, ஈரம் நிற்கிறது. தசை கிழிந்து வழிகிற சாறோ கிருமிக்குப் பந்தி.

கட்டைக்கும் மெஷினுக்கும் இதில் பங்கு உண்டு. கைமா மெஷினின் திருகிலும் சல்லடைத் தட்டிலும் முந்தின ஆளின் கறி கொஞ்சமாவது ஒட்டியிருக்கும். காலையில் கழுவி மாட்டியது பதினொரு மணிவரை கழுவப்படாமலே ஓடினால், அந்த மிச்சம் சூட்டிலேயே கிடந்து அடுத்தவர் பொட்டலத்தோடு சேர்ந்துவிடுகிறது.

இனி அந்த மூன்று மணி நேரத்துக்கு வருவோம். கறிக்கடையில் விற்பது பெரும்பாலும் அன்று விடியலில் அறுத்தது; குளிரூட்டப்படாத கறி. முப்பது டிகிரிக்கு மேலான வெயிலில் பல கிருமிகள் இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். புது இடத்தில் காலூன்ற முதலில் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அதன்பிறகு அரை மணிக்கு ஒருமுறை இரட்டித்தால்கூட மூன்று மணி நேரத்தில் ஒன்று 64 ஆகும். இருபது நிமிடக் கணக்கில் 512. அமெரிக்க வேளாண் துறை சொல்லும் வரம்பு இது: இறைச்சி வெளியே இருக்கலாம் என்பது அதிகபட்சம் இரண்டு மணி நேரம், வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரே மணி நேரம். நம் ஊரில் வருஷத்தில் பாதி நாள் அந்த ஒரு மணிக் கணக்குதான்.

ஆக, மாற்ற வேண்டியது முதலில் கடைகளின் வரிசை. டிபன், காய்கறி எல்லாம் முடிந்தபின் கடைசியாகக் கறிக்கடை. கூடவே ஒரு மூடிபோட்ட தூக்கும், அதைச் சுற்றி நாலு ஐஸ்கட்டிகள் போட்ட பையும் இருந்தால் இன்னும் நல்லது. கறியை முதலில் துண்டாகக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, கட்டையைச் சுரண்டித் துடைத்தபின் கண்முன்னே கொத்தச் சொல்லலாம். ஏற்கெனவே கொத்திக் குவித்து வைத்த குவியலிலிருந்து வாங்க வேண்டாம். அது எந்தெந்த ஆடு, எத்தனை மணிக்குக் கொத்தியது என்று கடைக்காரருக்கே தெரியாது. எல்லாவற்றையும்விடச் சுலபம், தனிக்கறியாக வாங்கி வந்து சமைப்பதற்கு முன் வீட்டிலேயே கொத்திக்கொள்வது. துண்டுகளை அரை மணி நேரம் ஃப்ரீசரில் விறைக்க வைத்து, மிக்ஸியில் விட்டுவிட்டு நாலு சுற்றுச் சுற்றினால் போதும். விறைக்காமல் ஓடவிட்டால் சூடேறிக் களியாகிவிடும்.

"சிவப்பா இருந்தா புதுசு, கறுத்துட்டா கெட்டது"

சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய கைமா டப்பாவைப் பிரித்தால் மேலே பளிச்சென்ற சிவப்பு, உள்ளே சாம்பல் கலந்த பழுப்பு. பழைய கறியை அடியில் வைத்து மூடிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போவதற்கு முன் ஒரு விஷயம். கறிக்கு நிறம் தருவது மயோகுளோபின் என்ற புரதம். காற்றுப் பட்டால் அது சிவக்கும். காற்றே இல்லாத இடத்தில் கருஞ்சிவப்பாக இருக்கும், அரைகுறையாகக் காற்றுப் பட்டால் பழுப்பாகும். உள்ளே தெரிகிற பழுப்பு பெரும்பாலும் இந்த வேதியியல்தான்.

புளித்த வாடை, விரலில் நூல்போல இழுக்கும் பிசுபிசுப்பு: கெட்டதற்கு அடையாளம் இவை. ஆனால் மூக்கையும் பாதிதான் நம்பலாம். வாடை கிளப்பும் கிருமிகள் ஒரு கூட்டம், வயிற்றைப் பதம் பார்ப்பவை வேறு கூட்டம். சால்மோனெல்லா எந்த வாடையும் காட்டாமல் இருக்கும். வாடை வந்தால் கொட்டிவிடலாம்; வரவில்லை என்பதால் மட்டும் நல்ல கறி என்று முடிவு கட்ட முடியாது.

"மஞ்சத்தூள் போட்டு அலசினா சரியாயிடும்"

மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரைவதே இல்லை. இரண்டு நிமிட அலசலில் அது கொல்லும் கிருமி பெரிதாக ஒன்றுமில்லை. வடிகட்டியில் கொத்துக்கறியைப் போட்டுக் குழாயைத் திறந்தால் சாறும் சுவையும் வடிந்து, கறிக்குள் தண்ணீர் ஏறி, தெறிக்கும் துளிகள் பக்கத்தில் இருக்கிற கொத்தமல்லிக்கட்டில் போய் விழுகின்றன. அலசாமல் சமைக்க மனம் ஒப்பாதவர்கள் துண்டாக இருக்கும்போதே கழுவி, துணியால் ஒற்றி எடுத்து, தொட்டியையும் தேய்த்துவிட்டுப் பிறகு கொத்தலாம்.

"ஃப்ரீசர்ல போட்டா கிருமி செத்துரும்"

சாகாது, உறங்கும். ஃப்ரீசரில் வளர்ச்சி நின்றுபோகிறது, அவ்வளவே. உள்ளே போகும்போது எவ்வளவு கிருமி இருந்ததோ ஏறக்குறைய அவ்வளவும் இளகும்போது எழுந்துவிடும். அதனால்தான் மூன்று நாள் கீழ்த்தட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, கெடப்போகிறது என்றதும் மேலே தள்ளுவதில் பயனில்லை. நாலு டிகிரி ஃப்ரிட்ஜில் கொத்துக்கறிக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு நாள். துண்டுக்கறிக்கு மூன்றிலிருந்து ஐந்து நாள். மறுநாள் சமைக்கப்போவதில்லை என்றால் வாங்கி வந்த உடனே உறைய வைத்துவிட வேண்டும்.

வைக்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. ஒரு கிலோவை அப்படியே பாலித்தீன் பையில் உருண்டையாக வைத்தால் வெளிப்புறம் கல்லான பிறகும் நடுப்பகுதி மணிக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். உறைகிற நேரம் கனத்தின் வர்க்கத்தை ஒட்டிப் போகும். கனம் பாதியானால் நேரம் ஏறத்தாழ கால்வாசி. கால் கிலோவாகப் பிரித்து, ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, சப்பாத்திக்கட்டையால் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டிவிட்டால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும், அடுக்குவதற்கும் வசதி. மேலே தேதி எழுதிவிட்டால் குழப்பமில்லை. மைனஸ் 18 டிகிரியில் மூன்று, நாலு மாதம் ருசி கெடாது. அதற்குமேல் கொழுப்பில் சிக்கு வாடை ஏறும். கொத்தும்போதே காற்று உள்ளே கலந்துவிடுவதால் துண்டுக்கறியைவிட இதில் முந்தி ஏறும்.

பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ்பெட்டி பெரும்பாலும் மைனஸ் 18 வரை போவதில்லை. ஐஸ்கிரீம் அதில் கல்லாக நிற்காமல் இளகியே இருந்தால், கொத்துக்கறியையும் அங்கே மாதக்கணக்கில் நம்பி வைக்க வேண்டாம்.

இளக்குவதற்கு, முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றுவது நல்லது. அவசரமென்றால் பையோடு குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தலாம். தட்டையான கால் கிலோ ஒரு மணி நேரத்துக்குள் இளகும். அப்படி இளக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும்.

"கொதிக்க விட்டா எல்லாம் போயிடும்"

இந்த நம்பிக்கை பாதி உண்மை என்பதால்தான் ஆபத்தானது. கிருமி சாகும். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்றவை வெளியில் கிடந்த நேரத்தில் கக்கி வைத்த நச்சு கொதியில் சாகாது. கறி கெட்டிருந்தால் குக்கரில் ஆறு விசில் விட்டும் பலனில்லை.

மறுபக்கம், அரைகுறை வேக்காடு. 1993-ல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஒரு துரித உணவுச் சங்கிலியின் ஹாம்பர்கர் சாப்பிட்டவர்களில் 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். நான்கு குழந்தைகள் இறந்தார்கள். ஈ.கோலை ஓ157 என்ற கிருமி, கொத்திய மாட்டிறைச்சிக்குள் இருந்தது. அதே நாட்டில் நடுவில் சிவப்பாக இருக்கும் ஸ்டேக்கை ஆண்டாண்டாகச் சாப்பிடுகிறார்கள். ஸ்டேக்கில் கிருமி மேல்புறத்தில் இருப்பதால் சட்டியில் பட்டதும் சாகிறது, பர்கரிலோ அது நட்டநடுவிலும் இருக்கிறது. அடுத்த வருஷமே, பச்சைக் கொத்துமாட்டிறைச்சியில் அந்தக் கிருமி இருந்தால் அது விற்கத் தகாத கலப்படப் பொருள் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. இன்றும் அங்கே துண்டு இறைச்சிக்கு 63 டிகிரி போதும், கொத்தியதற்கு 71.

நம் கொத்துக்கறி வறுவலில் இந்தச் சிக்கல் இல்லை, சட்டியில் பரவலாகக் கிண்டுவதால் எல்லாத் துகளும் வெந்துவிடும். கோலா உருண்டையில்தான் கவனம் வேண்டும். கறியைப் பச்சையாக அரைத்து, எலுமிச்சை அளவு உருட்டி, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் போட்டால் இரண்டே நிமிடத்தில் வெளியே செக்கச்செவேலென்று பொரிந்துவிடும். உள்ளே வெந்ததா என்று பிட்டுப் பார்த்தாலும் மிளகாய்த்தூளும் மஞ்சளும் நிறத்தை மறைத்துவிடும். எண்ணெயை மிதமான தீயில் வைத்து, உருண்டையைச் சிறிதாக்கி, அந்த ஈட்டிலேயே பெரியதாகப் பார்த்து ஒன்றை எடுத்து அதன் நடுவில் சமையல் வெப்பமானியைக் குத்திப் பார்க்கலாம். அது 71 காட்டினால் மற்றவற்றையும் அரித்தெடுத்து, அடுத்த ஈட்டைப் போடலாம்.