எங்கள் காற்றழுத்தமானி கற்றுத்தந்த பாடம்

சென்ற ஆண்டு நம் பள்ளி அறிவியல் மன்றத்தின் சார்பில், முதல் மாடிச் சுவரில் ஒரு சிறிய வானிலை நிலையத்தை அமைத்தோம். வெப்பநிலை, ஈரப்பதம், மழையளவு, காற்றழுத்தம் ஆகிய நான்கையும் நாள்தோறும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வந்தோம். முதல் மூன்றும் எங்களுக்குத் தொல்லை தரவில்லை. நான்காவதோ, எங்கள் மன்றத்துத் தோழி ஒருத்தியின் தந்தைக்கு ஒரு நாள் வெயிலை வீணாக்கிவிட்டது. நடந்ததை மறைக்காமல் எழுதுகிறோம். அதில் பாடம் இருக்கிறது.

அது ஐப்பசி மாதம். தோழியின் வீட்டில் குறுவை அறுத்து, நெல்லைக் களத்தில் காயப்போட்டிருந்தார்கள். அன்று காலை 10 மணிக்கு எங்கள் கருவி 1002.0 ஹெக்டோபாஸ்கல் காட்டியது. (பழைய புத்தகங்களில் வரும் மில்லிபாரும் இதுவும் ஒன்றே.) மாலை 4 மணிக்குப் பார்த்தபோது அது 998.2 ஆக இறங்கியிருந்தது. ஆறு மணி நேரத்தில் 3.8 குறைந்துவிட்டதே, புயல்தான் வருகிறது என்று முடிவு கட்டி, தோழியின் வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னோம். அவள் தந்தை ஆள் வைத்து நெல்லைக் குவித்துத் தார்ப்பாயால் மூடினார். மறுநாள் வானத்தில் ஒரு துண்டு மேகமும் இல்லை. நெல்லின் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் பொதுவாக எடுக்கமாட்டார்கள் என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். நல்ல வெயில் வீணானதோடு, குவியலுக்குள் ஈர நெல் வெதும்பவும் தொடங்கிவிட்டது.

அன்று மாலை மகளை அழைத்துச் செல்ல வந்த அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, முந்தாநாளு இதே நாலு மணிக்கு எவ்வளவு காட்டுச்சு?” என்று மட்டும் கேட்டார். பக்கத்தைத் திருப்பினோம். 998.5 என்று இருந்தது. உண்மையான மாற்றம் 0.3 மட்டுமே. எங்களுக்கு முகம் காட்ட முடியவில்லை.

பிறகு இயற்பியல் ஆசிரியை விளக்கினார். வெயிலின் வெப்பத்தால் வளிமண்டலம் முழுவதும் நாளுக்கு இருமுறை அலைபோல ஏறி இறங்குகிறது. காலை 10 மணியை ஒட்டியும் இரவு 10 மணியை ஒட்டியும் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். விடியற்காலை 4 மணியிலும் மாலை 4 மணியிலும் தாழ்ந்திருக்கும். குளிர்நாடுகளில் இந்த அலை மிகச் சிறியது. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில், தெளிந்த நாளில் காலைக்கும் மாலைக்கும் 3 முதல் 4 ஹெக்டோபாஸ்கல் வரை வேறுபடும். அதற்கும் புயலுக்கும் தொடர்பில்லை. எனவே ஓர் அளவை அதே மணிக்குரிய நேற்றைய அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

இதற்குள் இரண்டாவது குழப்பம் தலைகாட்டியது. எங்கள் நிலையத்தில் உள்ள உணரியின் பெயர் BMP280. நகத்தைவிடச் சிறியது. அதன் உள்ளே மிக மெல்லிய சிலிக்கன் சவ்வு ஒன்று இருக்கிறது. மேலே காற்று அழுத்தும்போது சவ்வு வளைகிறது. வளையும்போது அதன் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றமே அழுத்தமாகக் கணக்கிடப்படுகிறது. அழுத்தத்திலிருந்து உயரத்தைச் சொல்லும் வசதியும் அதற்குரிய நிரலில் உண்டு. ஆவலோடு கேட்டுப் பார்த்தோம். காலையில் நம் பள்ளி 94 மீட்டர் உயரத்தில் இருப்பதாகச் சொன்னது. மாலையில் 126 மீட்டர் என்றது. ஆறு மணி நேரத்தில் பள்ளிக்கூடம் 32 மீட்டர் வளர்ந்துவிட்டதா என்று சிரித்தோம்.

கடல் மட்டத்தில் எந்நேரமும் 1013.25 ஹெக்டோபாஸ்கல் இருக்கிறது என்று அந்த நிரல் எண்ணிக்கொள்கிறது. தஞ்சையில் பெரும்பாலான நாட்களில் அப்படி இருப்பதில்லை. ஆகவே வானிலையால் வந்த மாற்றத்தையெல்லாம் அது உயரத்தின் தலையில் ஏற்றிவிடுகிறது. ஓர் அளவுக்குள் இடமும் காலமும் கலந்தே இருக்கின்றன. இரண்டையும் பிரித்தால்தான் அளவுக்குப் பொருள் உண்டு.

இதை முதன்முதலில் அழகாகப் பிரித்துக் காட்டியது 1648-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் நடந்த ஒரு சோதனை. பாஸ்கல் என்னும் அறிஞரின் வேண்டுகோளின்படி, அவருடைய மைத்துனர் பெரியே பாதரசக் குழாயுடன் புய் தெ தோம் என்ற மலைமீது ஏறினார். உச்சியில் பாதரசம் 3 அங்குலத்துக்கும் சற்று அதிகமாக இறங்கியிருந்தது. ஆனால் அவர் மலையேறிய நேரத்தில் வானிலையே மாறி, அதனால் பாதரசம் இறங்கியிருந்தால்? அந்த ஐயம் எழாதிருக்க, மலையடிவாரத்து மடத்தின் தோட்டத்தில் இன்னொரு குழாயை வைத்திருந்தார்கள். சாஸ்தேன் என்ற துறவி நாள் முழுவதும் அதன் அருகிலேயே இருந்து பார்த்தார். அது அசையவே இல்லை. மலையேறியவரின் பெயர் பாடநூல்களில் இருக்கிறது. அசையாத குழாயைப் பொறுமையோடு காத்த துறவியை யாரும் பேசுவதில்லை. அவர் இல்லாவிட்டால் அந்தச் சோதனை முழுமை பெற்றிராது.

இனி நம் கணக்குக்கு வருவோம். தஞ்சை கடலைவிட உயர்ந்த இடத்தில் இருப்பதால், கடலோர நாகப்பட்டினத்துக்கு மேலே உள்ள காற்றைவிட நமக்கு மேலே உள்ள காற்று சற்றுக் குறைவு. அந்தக் குறைவைக் கூட்டிச் சொல்வதே கடல் மட்டத் திருத்தம். நம் பெரிய கோயில் விமானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ அதே உயரமுள்ள காற்றுத் தூண் ஒன்றை நம் காலடியில் கடல் மட்டம்வரை நட்டு, அதன் எடையையும் சேர்த்துக்கொள்கிறோம். அவ்வளவே. சூத்திரம் இது:

```
P0 = P × exp(0.0342 × h / T)
```

இதில் P கருவி காட்டும் அழுத்தம். h கடல் மட்டத்திலிருந்து கருவியின் உயரம், மீட்டரில். T காற்றின் வெப்பநிலையோடு 273-ஐக் கூட்டிய எண். P0 நாம் தேடும் விடை. எங்கள் கருவியின் உயரம் 60 மீட்டர்; வெப்பநிலை 30 டிகிரி, அதாவது T = 303. 0.0342-ஐ 60-ஆல் பெருக்கி 303-ஆல் வகுத்தால் 0.00677. அதன் exp மதிப்பு 1.0068. காலை அளவான 1002.0-ஐ இதனால் பெருக்கினால் 1008.8 வருகிறது. திருத்தம் 6.8 ஹெக்டோபாஸ்கல். சூத்திரம் கைவசம் இல்லாவிட்டால், நம் சமவெளியில் 8.8 மீட்டருக்கு 1 ஹெக்டோபாஸ்கல் என்று கூட்டினாலும் இதே விடை வரும்.

வெப்பநிலை சற்றுத் தவறினால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பார்த்தோம். 25 டிகிரிக்குத் திருத்தம் 6.9; 35 டிகிரிக்கு 6.7. தஞ்சையில் கவலை இல்லை. ஆனால் 2343 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானல் வானாய்வகத்தில் 5 டிகிரி தவறினால் விடை ஏறத்தாழ 5 ஹெக்டோபாஸ்கல் பிசகும். அங்கே கடல்வரை நாம் நடும் காற்றுத் தூண் வெறும் கற்பனை; அதன் வெப்பத்தை அளந்தவர் யாருமில்லை. இந்தத் திருத்தம் சமவெளிக்கே நன்கு பொருந்தும்.

நம் ஊரில் பெரிய பிழை உயரத்தில்தான் வருகிறது. முதலில் ஒரு கைப்பேசியில் பார்த்தபோது, நாங்கள் கடலுக்குக் கீழே 30 மீட்டருக்கும் ஆழத்தில் இருப்பதாகக் காட்டியது! செயற்கைக்கோள்கள் பூமியை ஒழுங்கான முட்டை வடிவமாகக் கொண்டு உயரத்தைச் சொல்கின்றன. தென்னிந்தியாவில் உண்மையான கடல் மட்டம் அந்த வடிவத்தைவிட ஏறத்தாழ 90 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. சில கைப்பேசிகள் அதைச் சரிசெய்யாமல் அப்படியே காட்டிவிடுகின்றன. அதை நம்பியிருந்தால் விடை 10 ஹெக்டோபாஸ்கல் தவறியிருக்கும். நம்பத்தக்க உயரம் ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையில் எழுதியிருக்கிறது. அதிலிருந்து தொடங்கி, தெருவின் ஏற்ற இறக்கத்தையும் மாடியின் உயரத்தையும் கூட்டியே 60 மீட்டர் என்று கொண்டோம்.

இன்னொரு பிழை, திருத்தியதையே மறுபடி திருத்துவது. கடையில் வாங்கும் வானிலை நிலையங்களின் திரையில் ABS, REL என இரண்டு அளவுகள் இருக்கும். முன்னது உள்ளபடியே அளந்தது, பின்னது திருத்தியது. REL அளவை எடுத்து இன்னொரு முறை 6.8 கூட்டினால், தஞ்சையில் எந்நாளும் அழுத்தம் மிகுந்திருப்பதாகத் தோன்றும். கண்டுபிடிப்பது எளிது. திருச்சி விமான நிலையத்தின் வானிலை அறிக்கையில் Q1009 என்பதுபோல் வரும் எண் கடல் மட்டத்துக்குத் திருத்திய அழுத்தமே. காற்று அமைதியான சில நாட்களில், ஒரே மணிக்கு, அதனோடு நம் விடையை ஒப்பிட வேண்டும். 7 அளவுக்குக் கூடுதலாக இருந்தால் இரட்டைத் திருத்தம். 7 அளவுக்குக் குறைவாக இருந்தால் திருத்தமே செய்யவில்லை. எந்நாளும் 1 அளவுக்கு ஒரே பக்கமாக விலகினால் அது உணரியின் சொந்தக் குறை; BMP280-க்கு அந்த அளவு பிழை இயல்பே. அதை ஒருமுறை கழித்துக்கொண்டால் போதும்.

இத்தனை பாடு எதற்கு? வானிலை வரைபடத்தில் சம அழுத்தக் கோடுகளைப் பொதுவாக 2 ஹெக்டோபாஸ்கல் இடைவெளியில் வரைகிறார்கள். திருத்தாத தஞ்சை அளவை நாகப்பட்டினத்தின் அளவுக்குப் பக்கத்தில் வைத்தால், நடுவே மூன்று கோடுகள் போடலாம். நம் ஊரின்மேல் ஒரு தாழ்வு மண்டலம் நிரந்தரமாக உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும். திருத்திய பிறகு வேறுபாடு பெரும்பாலும் 1 அளவுக்குள் அடங்கிவிடுகிறது. அப்போதுதான் மெய்யான தாழ்வு வரும்போது அது கண்ணில் படும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்ததை நம் பெற்றோர் மறக்கவில்லை. விழுந்த தென்னைகளை இன்றும் சொல்லி வருந்துகிறார்கள். இப்போது எங்கள் நோட்டில், ஒவ்வோர் அளவுக்கும் எதிரே நேற்றைய அதே மணியின் அளவையும் எழுதுகிறோம். வேறுபாடு 1 அளவில் இருந்தால் பேசாமல் இருப்போம். 3-க்கு மேல் குறைந்தால், வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பை உடனே பார்ப்போம். நாங்களாக எச்சரிக்கை விடமாட்டோம். வடகிழக்குப் பருவமழை பல நாட்களில் அழுத்தம் குறையாமலே கொட்டித் தீர்க்கிறது. மழை வருமா வராதா என்பதை இந்த ஒரே கருவியைக் கொண்டு சொல்ல முடியாது.

தை மாதத்தில் சம்பா அறுவடை தொடங்கியபோது, தோழியின் தந்தை ஒரு நாள் மாலை தொலைபேசியில் அழைத்தார். அழுத்தம் எவ்வளவு என்று கேட்டார். “1010.2 அப்பா, நேத்து இதே மணிக்கு 1010.4” என்றாள் மகள். “அப்ப சரிம்மா” என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று நெல் களத்திலேயே காய்ந்தது.