தரையில் ஒரு பாய்வுப் படம்

கணினியைத் திறக்கும் முன், பள்ளிப்பை அடுக்குவதைச் சாக்பீஸால் தரையில் வரையச் சொல்லுங்கள். தொடக்கமும் முடிவும் நீள்வட்டம், செய்யும் வேலை செவ்வகம், கேள்வி சாய்சதுரம். "நாளைய அட்டவணையில் அடுத்த பாடத்தைப் பார்", "அதன் புத்தகத்தைப் பையில் வை" என இரண்டு செவ்வகங்கள். அடுத்து சாய்சதுரம்: "இன்னும் பாடம் இருக்கிறதா?" ஆம் என்றால் அம்பு முதல் செவ்வகத்துக்கே திரும்பும். இல்லை என்றால் பையை மூடி, முடிவு.

அந்த 'இல்லை' அம்பைத்தான் பிள்ளைகள் வரைய மறப்பார்கள். உடனே திருத்தாதீர்கள். ஒரு பிள்ளையை அம்புகளின் மேலேயே நடக்கவிடுங்கள். கடைசிப் பாடம் முடிந்ததும் போக வழியில்லாமல் திருதிருவென விழிக்கும், விடுபட்டதை வகுப்பே கத்திச் சொல்லிவிடும். "எந்தப் புத்தகம் வேண்டும்?" என்று சாய்சதுரத்தில் எழுதினால், ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி மாற்றச் சொல்லுங்கள்.