நூல் மில்லுக்குப் பாக்கி: தவணை கேட்டால் சட்டச் சிக்கல் வருமா?

கேள்வி: திருப்பூரில் சொந்தப் பெயரில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறேன். ஒரு சிறு நூற்பாலையிடம் கடனுக்குப் பருத்தி நூல் வாங்குகிறேன். 3,20,000, 2,80,000, 2,40,000 ரூபாய்க்கு மூன்று பில்கள், மொத்தம் 8,40,000 ரூபாய் பாக்கி. முதல் சரக்கு வந்து 35 நாளும், இரண்டாவது வந்து 20 நாளும், மூன்றாவது வந்து 8 நாளும் ஆகின்றன. எங்கள் பேச்சுப்படி 45 நாளில் பணம் தர வேண்டும். என் சரக்கை எடுத்த மொத்த வியாபாரி ஒருவர் 8 லட்சத்தை நிறுத்தி வைத்திருப்பதால் என்னால் முடியாது. தேங்கியிருந்த துணியை விற்றதில் 2,10,000 ரூபாய் கையில் இருக்கிறது. தொகையும் தேதியும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு செக்குகள் மில்லிடம் உள்ளன. ஆறு மாத அவகாசம் எழுத்தில் கேட்டால், கடனை ஒப்புக்கொண்டதாக அந்தக் கடிதமே எனக்கு எதிராகத் திரும்புமா? எப்படிக் கேட்பது?
- வாசகர், திருப்பூர்

பதில்: எழுத்தில்தான் கேட்க வேண்டும். முதல் பில்லின் 45ஆம் நாளுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, அதற்குள் கேட்டுவிடுங்கள். தவணை தவறிய பிறகு கேட்டால் அது சாக்காகத் தெரியும். முன்கூட்டியே கணக்கோடு கேட்டால் மில்காரரும் தன் பணவரவைத் திட்டமிட்டுக்கொள்ள முடியும். அவருக்கும் பஞ்சு வியாபாரி 45 நாள் தந்திருக்கக்கூடும் என்பதை மனதில் வையுங்கள்.

கடிதம் உங்களுக்கு எதிரான ஆவணமாகுமா என்றால், ஆகும். காலவரையறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி, கெடு முடியும் முன் கடனாளி கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால், அந்த நாளிலிருந்து வழக்குக்கான மூன்று ஆண்டுக் கணக்கு புதிதாகத் தொடங்கும். கடன் உண்மை என்பதால் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஒப்புக்கொள்ளும் தொகை சரியாக இருக்க வேண்டும். கடிதம் எழுதும் முன் இரு தரப்பு லெட்ஜரையும் ஒத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு லாட்டில் எடைக் குறைவோ நூல் தரக் குறையோ இருந்தால், அந்தத் தொகையைத் தனியாகக் காட்டி, தகராறு இல்லாத பாக்கியை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். சரக்கு வந்த 15 நாளுக்குள் குறையை எழுத்தில் சொல்லாவிட்டால், அதை நீங்கள் ஏற்றதாகவே எம்எஸ்எம்இ சட்டம் கருதும். மூன்றாவது பில்லுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

45 நாள் வரம்பை ஒப்பந்தத்தால் நீட்ட முடியுமா?

ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, பணம் பெற வேண்டியவர் தானாகவே கெடுவை நீட்டித் தரலாம். ஆனால் மில் உத்யம் பதிவு பெற்ற நுண் அல்லது சிறு உற்பத்தி நிறுவனமாக இருந்தால், 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டம் குறுக்கே வருகிறது. அதன் 15ஆம் பிரிவுப்படி, நீங்கள் இருவரும் என்ன எழுதிக்கொண்டாலும், சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் கெடு போக முடியாது. அதைத் தாண்டினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டியை மாதக் கூட்டு வட்டியாகத் தர வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 18 சதவீதம். அதாவது 8,40,000 ரூபாயும் அப்படியே நின்றால் மாதம் 12,600 ரூபாய்.

ஆகவே மில் தரும் ஆறு மாத அவகாசம், "இப்போதைக்கு நடவடிக்கை எடுக்க மாட்டேன்" என்ற வாக்குறுதியே தவிர, சட்டப்படியான கெடுவை அது மாற்றாது. உறவு கசந்தால் மில் மாநில வசதியாக்கக் கவுன்சிலை அணுகி இந்த வட்டியைக் கேட்கலாம். அங்கு உங்களுக்கு எதிராக உத்தரவு வந்தால், அதை எதிர்த்து நீதிமன்றம் போகத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். அதனால் நியாயமான வட்டியை நீங்களே முன்வந்து சொல்வதுதான் புத்திசாலித்தனம். மில்லின் உத்யம் எண் பெரும்பாலும் பில்லிலேயே இருக்கும். உங்களுக்கு விற்றவர் நூல் வாங்கி விற்கும் வியாபாரி என்றால், உத்யம் பதிவு இருந்தாலும் இந்த 45 நாள் விதியின் பலன் அவருக்குக் கிடையாது.

வருமான வரியிலும் இதன் விளைவு உண்டு. 45 நாள் கடந்த பாக்கி மார்ச் 31 அன்று நின்றால், அந்த நூல் செலவை அந்த ஆண்டில் கழிக்க முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். தவணை மார்ச்சைத் தாண்டுமானால் ஆடிட்டரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

எவ்வளவு தர முடியும்?

தவணைத் தொகையை ஆசையால் முடிவு செய்யக் கூடாது. நிறுத்தி வைக்கப்பட்ட 8 லட்சத்தைக் கணக்கில் சேர்க்காமல், நிச்சயமாக வரும் பணத்தை மட்டும் எழுதுங்கள். ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். உங்கள் எண்களை இட்டுக்கொள்ளுங்கள். மாத வரவு 9,80,000. பிஎஃப், இஎஸ்ஐ சேர்த்துக் கூலி 3,20,000. நிட்டிங், டையிங் 1,60,000. வாடகை, மின் கட்டணம் 65,000. வங்கித் தவணை 55,000. ரொக்கத்துக்கு வாங்கும் புது நூல் 2,40,000. செலவு மொத்தம் 8,40,000, மிச்சம் 1,40,000.

இந்த 1,40,000 முழுவதையும் வாக்களித்துவிட்டால், டையிங்கில் ஒரு வாரம் தாமதமானாலே தவணை தவறும். கையிலுள்ள 2,10,000 ரூபாயை உடனே கொடுத்துவிட்டு, மீதி 6,30,000 ரூபாயை மாதம் 1,05,000 வீதம் ஆறு தவணையாகச் சொல்லுங்கள். மீதிக்கு மாதம் ஒரு சதவீத வட்டி என்றால் முதல் தவணையில் 6,300 ரூபாய், கடைசியில் 1,050 ரூபாய், ஆறு மாதத்துக்கு மொத்தம் 22,050 ரூபாய். இதையும் கொடுத்த பிறகு மாதம் சுமார் 28,000 ரூபாயாவது கையில் நிற்கும். அந்த இடைவெளிதான் உங்கள் வாக்கைக் காப்பாற்றும்.

ஜிஎஸ்டியையும் பாருங்கள். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், தராத பகுதிக்கு எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திரும்பக் கட்ட வேண்டும். மேற்சொன்ன தவணைகளைப் பழைய பில்லிலிருந்து வரிசையாகக் கழித்தால், முதல் இரண்டு பில்களும் 180 நாளுக்குள் முடிந்துவிடும். மூன்றாவதில் கடைசி 1,05,000 மட்டும் சில நாள் தாண்டும். 5 சதவீத வரியில் அதிலுள்ள ஜிஎஸ்டி 5,000 ரூபாய். பாக்கியைக் கொடுத்த பின் அதை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஆறாவது தவணையைப் பத்து நாள் முன்தள்ள முடிந்தால் இந்த வேலையே இல்லை.

கடிதம் இப்படி இருக்கட்டும்

"மதிப்பிற்குரிய ஐயா, கீழ்க்கண்ட மூன்று பில்களில் தங்களுக்கு இன்றைய தேதியில் ரூ.8,40,000 தர வேண்டியுள்ளது. எங்களுக்கு வர வேண்டிய தொகை ஒன்று தடைப்பட்டதால், பேசியபடி 45 நாளில் தர இயலவில்லை. இன்று ரூ.2,10,000 அனுப்புகிறோம். மீதி ரூ.6,30,000ஐ அடுத்த மாதம் முதல் ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி ரூ.1,05,000 வீதம் ஆறு தவணைகளில், குறையும் மீதிக்கு மாதம் ஒரு சதவீத வட்டியுடன் தருகிறோம். எல்லாத் தொகையும் பழைய பில்லிலிருந்து வரிசையாக வரவு வைக்கப்பட வேண்டும். தடைப்பட்ட தொகை வந்தால், அதில் பாதியை ஏழு நாளில் தங்களுக்குச் செலுத்துவோம். இனி வாங்கும் நூலுக்குச் சரக்கு ஏற்றும் முன்பே பணம் தருவோம். தவணைகள் சரியாக வரும்வரை தங்களிடமுள்ள இரு செக்குகளையும் வங்கியில் போடாமல் இருக்கவும், சம்மதத்தை எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டுகிறோம்."

இதில் மில்காரர் மனதை அதிகம் மாற்றுவது புது நூலுக்கு ரொக்கம் என்ற வரிதான். தன் பாக்கி இனி ஏறாது என்று அவருக்கு உறுதியாகத் தெரிகிறது. வரிசைப்படி வரவு வைப்பதும் முக்கியம். எந்தக் கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்தால் வாங்குபவர் அப்படியே வரவு வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் அது அவர் விருப்பம் என்கின்றன ஒப்பந்தச் சட்டத்தின் 59, 60ஆம் பிரிவுகள். ஒவ்வொரு நெஃப்ட் பரிமாற்றத்திலும் பில் எண்ணைக் குறிப்பிடுங்கள்.

செக்குகள்தான் பெரிய ஆபத்து

தொகை எழுதாமல் கையெழுத்திட்டுக் கொடுத்த செக்கும், அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தைப் பெற்றவருக்குத் தருகிறது. அது திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறையோ, செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். "பாதுகாப்புக்காகத்தான் கொடுத்தேன்" என்ற வாதம் மட்டும் காப்பாற்றாது. பேமென்டை நிறுத்தச் சொல்லி வங்கிக்கு எழுதுவதும் தீர்வல்ல.

உங்களுக்குத் துணையாக ஒரு தீர்ப்பு உண்டு. தஷ்ரத்பாய் பட்டேல் வழக்கில் 2022ல் உச்ச நீதிமன்றம், செக் கொடுத்த பின் கடனில் ஒரு பகுதி அடைந்திருந்தால், அதைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் வங்கியில் போட்டால் 138ஆம் பிரிவுக் குற்றம் ஆகாது என்றது. நீங்கள் கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் ஆதாரம் இருப்பது இதனால்தான் அவசியம். இரண்டு செக்குகளின் எண்களையும் சம்மதக் கடிதத்தில் எழுத வையுங்கள். இரண்டு தவணை தொடர்ந்து தவறினால் மட்டுமே, அதுவும் அன்றைய மீதிக்கு மட்டுமே நிரப்பலாம் என்றும் குறிக்கச் செய்யுங்கள். ஆறு தவணைக்கும் ஆறு பின்தேதி செக் கேட்டால் தயங்குங்கள். ஒவ்வொன்றும் தனி வழக்காக மாறக்கூடியது.

அப்படியும் செக் திரும்பிவிட்டால், மில் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது உங்கள் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் கட்டினால் குற்றமே எழாது. நோட்டீஸை வாங்க மறுத்து அந்த 15 நாளை வீணாக்காதீர்கள்.

மில் ஆறு மாதத்தை ஏற்கவில்லை என்றால் நான்கு மாதம் என்று பேரம் பேசித் தவணையை உயர்த்தாதீர்கள். 1,05,000 ரூபாயை அப்படியே வைத்து, வட்டியை ஒன்றரை சதவீதமாக்குங்கள். கூடுதல் செலவு மொத்தமே 11,025 ரூபாய்தான். கடைசித் தவணை கொடுத்த அன்றே அசலும் வட்டியும் முழுமையாகப் பெற்றுக்கொண்டதாக ஒரு கடிதத்தையும் இரண்டு செக்குகளையும் கையோடு வாங்கிவிடுங்கள். பின்னாளில் யாராவது 16ஆம் பிரிவு வட்டி கேட்டால் உங்கள் பக்கம் பேச அந்தக் கடிதமே முதல் சான்று.