சிங்களத்தில் விநாடி, தமிழில் நிமிடம்: வேற்றுமொழித் தாளோடு வரும் வீட்டுச் சோதனைப் பெட்டிக்குச் சில குறிப்புகள்

2022 தொடக்கத்தில் உவர்மலை வீட்டில் மாமிக்குக் காய்ச்சலும் இருமலும். தம்பி எங்கிருந்தோ மூன்று கோவிட் அன்டிஜன் சோதனைப் பெட்டிகள் வாங்கி வந்தான். மூன்றிலும் சிங்களத் தாள்தான் இருந்தது. அதைப் படம் எடுத்து, சீனக்குடாவில் இருக்கும் சிங்களத் தோழி ஒருத்திக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவள் தனக்குத் தெரிந்த தமிழில், "சொட்டு விடுங்கோ, விநாடி பதினைந்து நில்லுங்கோ, பாருங்கோ" என்று குரல் பதிவு அனுப்பினாள்.

மாமி பதினைந்து எண்ணினார். கோடு ஒன்றும் வரவில்லை. "இது பழுது" என்று குப்பைக்கூடையில் போட்டுவிட்டு அடுத்த பெட்டியைப் பிரித்தார். அதுவும் அப்படியே கூடைக்குப் போனது. மதியம் கூடையைக் கொட்டப் போன நான் பார்த்தால், இரண்டு பட்டையிலும் இரண்டிரண்டு கோடு. அதை நம்புவதா விடுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. அன்று பட்டதையும் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

1. சிங்களத்தில் 'விநாடி' என்றால் நிமிடம். நாம் செக்கன் என்று சொல்வதை அவர்கள் 'தத்பர' என்பார்கள். நிமிடத்துக்கு 'மினித்து' என்ற சொல்லும் உண்டு. தமிழில் விநாடி என்றால் செக்கன் என்று பள்ளியில் படித்தவர்கள் நாம். அதனால் சிங்களத் தோழி சரியாகத்தான் சொன்னாள், மாமி சரியாகத்தான் கேட்டார், நடுவில் சொல் ஏமாற்றிவிட்டது. சோதனைத் தாளில் இரண்டு அளவும் வரும் என்பது இன்னும் ஆபத்து. மூக்கில் குச்சியைச் சுழற்றுவதற்குச் செக்கன் கணக்கும், கோட்டுக்குக் காத்திருப்பதற்கு நிமிடக் கணக்கும் இருக்கும். சில பெட்டிகளில் இரண்டுக்கும் அதே 15தான். ஆகவே உதவி கேட்கும்போது "எத்தனை?" என்று மட்டும் கேட்காமல், "மணிக்கூட்டில் பெரிய முள்ளா, ஓடுகிற மெல்லிய முள்ளா?" என்று கேளுங்கள். எந்த மொழிக்காரரும் இதற்குப் பிழையில்லாமல் பதில் சொல்வார்.

2. தாளைப் படம் எடுக்கும்போது மடிப்பை நன்றாக நீவி, ஜன்னலோர வெளிச்சத்தில் மேசையில் பரப்புங்கள். ஃபிளாஷ் வேண்டாம், மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து மேலே தெரியும். அடியில் கறுப்புத் துணி விரித்தால் அது மறையும். முழுத் தாளையும் ஒரு படம், பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே ஒவ்வொரு படம். மடிப்பு சரியாக எண்ணின் மேல் விழுந்தால் 3 எட்டாகத் தெரியும். '15-20' நடுக்கோடு மறைந்து '1520' ஆகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிப் போகும்; 'ஆவணம்' என்று தெரிவு செய்து அனுப்பினால் எழுத்து அப்படியே போகும். கோடுகளின் சித்திரம் உள்ள பகுதியையும் பெட்டியின் வெளிப்பக்கத்தையும் விட்டுவிட வேண்டாம். தாளில் வேறொரு மொழியும் இருந்தால் அதையும் அனுப்புங்கள்: மொழி தெரியாவிட்டாலும் இரண்டு பக்கத்திலும் எண்கள் ஒன்றாக இருக்கிறதா என்று யாராலும் ஒத்துப் பார்க்க முடியும்.

3. மொழிபெயர்ப்பவரிடம் 'பதினைந்து நிமிடத்தில்' என்ற சொல்லை ஏற்காதீர்கள். தமிழில் அதற்கு 'பதினைந்து நிமிடத்துக்குள்' என்றும் பொருள் கொள்ளலாம், 'பதினைந்து நிமிடம் ஆனதும்' என்றும் கொள்ளலாம். தாள் சொல்வது பெரும்பாலும் இரண்டாவது. 'கழித்து', 'முன்', 'பின்' என்ற சொற்களையே கேட்டு வாங்குங்கள். சிங்களத்தில் 'பசு' என்றால் பின், 'துள' என்றால் உள்ளே. இந்த இரண்டையும் தாளில் விரல் வைத்துக் காட்டச் சொல்லலாம். பிறகு அதை நிமிடமாக வைத்திராமல் மணிக்கூட்டு நேரமாக மாற்றி ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். 15 நிமிடத்தில் திறந்து 20 நிமிடத்தில் மூடும் பெட்டிக்கு, காலை 7.10க்குச் சொட்டு விட்டால்:

சொட்டு விட்ட நேரம் 7.10
7.25க்கு முன் பார்க்க வேண்டாம்
7.25 முதல் 7.30 வரை பார்க்கலாம்
7.30க்குப் பின் பார்க்க வேண்டாம்

கணக்கு தொடங்குவது கடைசிச் சொட்டு பட்டையில் விழுந்த நேரத்தில் இருந்து. மூக்கில் குச்சி விட்ட நேரத்தில் இருந்து அல்ல.

4. முன்னும் பின்னும் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று மாமி கேட்டார். நியாயமான கேள்வி. பட்டைக்குள் இருப்பது தாள் போன்ற ஒரு மெல்லிய பொருள். விட்ட நீர் அதில் மெல்ல ஊறி ஏறுகிறது. ஏறும்போது நிறத் துகள்களையும் இழுத்துக்கொண்டு போகிறது. வைரஸ் இருந்தால் அந்தத் துகள்கள் டி என்ற இடத்தில் பிடிபட்டுக் கோடாகத் தெரியும். மிஞ்சியவை மேலே போய் சி என்ற இடத்தில் பிடிபடும். சி கோடு நோயைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நீர் ஒழுங்காக ஓடியது, துகள் வேலை செய்தது என்பதற்கு அது சாட்சி. வைரஸ் குறைவாக இருந்தால் சி முதலில் பளிச்சென்று வந்துவிடும், டி பின்தங்கி மங்கலாக வரும். ஐந்தாம் நிமிடத்தில் சி மட்டும் பார்த்து நிம்மதியடைந்தால் பிழை அங்கேதான்.

நேரம் கடந்தால் வேறு கூத்து. பட்டை காயத் தொடங்கும், நீர் பின்னோக்கி வரும், நிறம் டி இடத்தில் தங்கி ஒரு கோடு போலக் காட்டும். கர்ப்பச் சோதனையிலும் இப்படி நிறமில்லாத சாம்பல் கோடு வருவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். எங்கள் கூடையில் கிடந்த இரண்டு பட்டையும் அப்படிக் காய்ந்தவையாக இருக்கலாம், மாமிக்கு உண்மையிலேயே தொற்று இருந்து வந்த கோடாகவும் இருக்கலாம். மணிக்கணக்கில் கிடந்த பட்டையில் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. அதனால் அவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை.

5. ஒரு பெட்டியின் நேரத்தை மற்றதற்கு வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் "எங்கட பெட்டிக்கு அரை மணி வரை பார்க்கலாம்" என்று சொன்னால் அவருடையதற்கு அது சரியாக இருக்கலாம். ஆபட் நிறுவனத்தின் பான்பயோ கோவிட் பெட்டியில் ஐந்து சொட்டு. 15 நிமிடம் ஆனதும் பார்க்க வேண்டும், 20க்குப் பின் கூடாது. ரோஷ் நிறுவனத்தின் மூக்குச் சுயசோதனையில் நான்கு சொட்டு. 15 முதல் 30 நிமிடம் வரை. வாயில் எடுக்கும் ஓராகுவிக் எச்.ஐ.வி. சுயசோதனைக்கு 20 முதல் 40 நிமிடம். அச்சுப் பதிப்பு மாறினால் இவையும் மாறலாம், ஆகவே கையில் இருக்கும் பெட்டிக்குள் வந்த தாள்தான் கடைசி வார்த்தை. பழைய படம் கைபேசியில் இருக்கிறது என்று அதையே பார்க்க வேண்டாம்.

6. முடிவுச் சொற்கள் மூன்று. மூன்றையும் மாற்றாமல் எழுதுங்கள், பக்கத்தில் கோட்டைப் படமாக வரையுங்கள்.

பாசிட்டிவ்: சி, டி இரண்டு கோடும். டி எவ்வளவு மங்கலாக இருந்தாலும், நேரத்துக்குள் வந்திருந்தால் பாசிட்டிவ்தான். 'கொஞ்சம் பாசிட்டிவ்' என்று ஒன்று தாளில் இல்லை. தமிழில் 'நேர்மறை' என்று போட்டால் முதியவர்களுக்கு அது நல்ல செய்தியாகக் கேட்கும்; சிங்களத்தில் 'தன' என்று இருக்கும், அது நமக்குச் செல்வம் போலக் கேட்கும். "தொற்று தெரிகிறது" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

நெகட்டிவ்: சி கோடு மட்டும். சிங்களத்தில் 'ருண'. இதை "தொற்று இல்லை" என்று மொழிபெயர்ப்பது பிழை. "இந்தச் சோதனையில் தொற்று தெரியவில்லை" என்பதே சரி. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022 ஆகஸ்டில் சொன்னது இது: அறிகுறி உள்ளவர் நெகட்டிவ் வந்தால் 48 மணி நேரம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும், அறிகுறி இல்லாதவர் 48 மணி இடைவெளியில் மொத்தம் மூன்று முறை.

செல்லாதது: சி கோடு வரவில்லை. டி கோடு வந்திருந்தாலும் செல்லாததே. சிங்களத்தில் 'வலங்கு நெத்த'. இதை "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. கேட்பவர் நோயில்லை என்று நினைத்துக்கொள்வார். பொருள், புதிய பெட்டியில் திரும்பச் செய் என்பது. ஆனால் செல்லாதது என்று தீர்மானிக்கவும் காத்திருப்பு நேரம் முடிய வேண்டும். மாமி தூக்கிப்போட்ட இரண்டும் செல்லாதவை அல்ல, இன்னும் ஊறியே முடியாதவை.

7. கைபேசிச் செயலியில் படத்தை மொழிபெயர்த்தால் சில சொற்கள் வேடிக்கையாக வரும். சொட்டு விடும் சிறு குழியைக் 'கிணறு' என்று போடும்; அது சிரித்துவிட்டுப் போகலாம். 'ஜன்னல்' என்று வரும் சொல்லில் சிரிக்க முடியாது. ஆங்கிலத் தாளில் அந்த ஒரு சொல் கோடு தெரியும் துவாரத்துக்கும் வரும், பார்க்கும் நேர இடைவெளிக்கும் வரும், எச்.ஐ.வி. சோதனையில் தொற்றிய பின் சோதனைக்குப் பிடிபடாமல் இருக்கும் வாரங்களுக்கும் வரும். எச்.ஐ.வி. சுயசோதனைத் தாளில் உள்ள மூன்று மாதம் இந்தக் கடைசிப் பொருளில். பட்டையைப் பார்க்கும் நேரம் அல்ல.

பெட்டியின் மேல் உள்ள மணற்கடிகாரச் சித்திரமும் காத்திருப்பு நேரம் அல்ல, காலாவதித் திகதி.

8. பான்பயோவை 2 முதல் 30 பாகை வரை வைக்கலாம். நம் திருகோணமலை வெயிலில் முச்சக்கரவண்டியின் முன்தட்டு, வள்ளத்தின் பெட்டி இரண்டும் கூடாது. குளிரூட்டியில் வைத்திருந்தால் பிரிக்காமல் அரை மணி வெளியே வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

9. முடிவை வைத்தியருக்குக் காட்ட வேண்டுமானால், நேர இடைவெளிக்குள் பட்டையை மணிக்கூட்டின் பக்கத்தில் வைத்து ஒரு படம். வாட்ஸ்அப்பில் தெரிவது அனுப்பிய நேரம், எடுத்த நேரம் அல்ல.

மறுநாள் காலை மூன்றாவது பெட்டியை இப்படித்தான் செய்தோம். தோழி வீடியோவில் இருந்தாள். ஒவ்வொரு எண்ணுக்கும் மணிக்கூட்டு முள்ளைக் காட்டினாள். மாமி கை கட்டிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். 7.10க்குச் சொட்டு விட்டோம், 7.27க்குப் படம் எடுத்தோம். சி பளிச்சென்று, டி மெல்லிய இளஞ்சிவப்பாக. வைத்தியருக்கு நான் எழுதிய செய்தி: "கோவிட் அன்டிஜன் சுயசோதனை, சொட்டு 7.10, பார்த்தது 7.27, சி உண்டு, டி மங்கலாக உண்டு, பாசிட்டிவ்." அவர் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று: மாமிக்கு மூச்சு எப்படி இருக்கிறது?