விடுப்பு விண்ணப்ப மொழிபெயர்ப்பில் மதிப்பு வழக்குகளும் பொருள் மயக்கமும்

விடுப்பு விண்ணப்பம் சில வரிகளில் முடிவது. எனினும் அதனைத் தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குப் பெயர்த்து, மீண்டும் தமிழுக்குக் கொணரும்போது மதிப்பு வழக்குகளே பெரிதும் இடறுகின்றன. ஓர் ஆசிரியை தம் தலைமையாசிரியைக்கு எழுதுவதாகக் கட்டுரையாளர் அமைத்துக்கொண்ட விண்ணப்பத்தின் மூன்று இடங்கள் இங்கு ஆராயப்படுகின்றன.

முதலாவது: ‘என் தாயாரை மருத்துவர் நேற்று பரிசோதித்தார். அவர் வெள்ளிக்கிழமை வரை மருத்துவமனையில் இருக்க வேண்டியுள்ளது.’ தமிழில் உயர்வு குறித்த ‘அவர்’ ஆண், பெண் வேறுபாட்டை மறைக்கிறது. ஆங்கிலமோ அவ்வேறுபாட்டைக் காட்டியே தீர வேண்டும். மருத்துவரும் பெண்ணாயின் ஆங்கிலப் பெயர்ச்சொல் இருவரையும் சுட்டும். எனவே ‘என் தாயார்’ என்பதற்குரிய ஆங்கிலச் சொற்களையே மீண்டும் எழுதுவது நன்று. மறுபெயர்ப்பில் வேறு பிழை நேர்கிறது. ஆங்கிலத்தின் பெண்பாற் சொல்லைக் கண்டு ‘அவள்’ என எழுதிவிடுகின்றனர். ‘அம்மா வந்தாள்’ என்று தி. ஜானகிராமன் நாவலுக்குப் பெயரிட்டதில் இழிவேதும் இல்லை. அலுவல் மடலின் மரபே ‘ஆர்’ ஈற்றை வேண்டுகிறது.

இரண்டாவது இடம் நுட்பமானது: ‘என் வகுப்பைச் சக ஆசிரியர்கள் தங்கள் பாடவேளையில் கவனித்துக்கொள்வார்கள்.’ ‘தங்கள்’ என்பது ஆசிரியர்களையும் குறிக்கலாம், தலைமையாசிரியையையும் குறிக்கலாம். தற்சுட்டாக நின்ற ‘தாம்’, ‘தாங்கள்’ முதலியன முன்னிலை மதிப்புச் சொற்களாகவும் வழங்குவதே இம்மயக்கத்திற்குக் காரணம். ஆங்கிலத்தில் இரண்டும் வெவ்வேறு சொற்களாதலின், மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டியுள்ளது. மூலத்திலேயே இதனை நீக்கலாம். ஆசிரியர்களைக் குறிப்பின் ‘தத்தம் பாடவேளைகளில்’ என்றும், தலைமையாசிரியையைக் குறிப்பின் ‘தலைமையாசிரியை அவர்களின் பாடவேளையில்’ என்றும் எழுதுதல் தகும். ‘தாங்கள் நடத்தும் பாடவேளையில்’ என்று மாற்றினும் மயக்கம் தீராது.

மூன்றாவது வேண்டுகோள்: ‘ஐந்து நாள்கள் விடுப்பு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ ‘வழங்குமாறு’ என்னும் எச்சத்தில் இட ஈறு இல்லை. ஆதலால் வழங்குபவரைச் சுட்டும் பெயர் வெளிப்பட வேண்டியதில்லை, மரியாதைக்கும் குறைவில்லை. நம் அலுவலக ஆங்கிலம் அவ்விடத்தில் முன்னிலைப் பெயரைச் சேர்த்து, ‘கைண்ட்லி’ என்ற சொல்லையும் இடுகிறது. அதனை அப்படியே திருப்பினால் ‘நீங்கள் தயவுசெய்து விடுப்பு தர நான் உங்களைக் கேட்கிறேன்’ என்றாகும். இதில் ‘பணிவுடன்’ என்பது மறைந்து, கேட்பவரின் பணிவு கொடுப்பவரின் தயவாக மாறிவிடுகிறது. ‘கொள்’ என்னும் துணைவினையும் விடுபட, ‘கேட்கிறேன்’ என்பது அதட்டலாக ஒலிக்கிறது. முன்னிலைப் பெயரை நீக்கி, ‘வழங்குமாறு’ என்பதையும் ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்பதையும் மீட்பதே திருத்தம்.

இவ்விண்ணப்பத்திற்குத் தலைமையாசிரியை ஆங்கிலத்தில் மறுமொழி எழுதினால் சிக்கல் திசைமாறும். அதன் முன்னிலைப் பெயரை ‘நீங்கள்’ என்பதா, ‘தாங்கள்’ என்பதா என்பதற்கு மடலில் சான்று கிடைக்காது. அவ்விருவரின் வயதும் பதவியும் தெரிந்தவரே அதனைத் தீர்மானிக்க இயலும்.