வாட்டர் ப்யூரிஃபையர்: வித்துட்டா லாபமா, லிட்டர் கணக்குல விட்டா லாபமா?

தாம்பரம் பக்கம் ஆர்ஓ மெஷின் விற்கும் கிளையன்ட் ஒருத்தர் போன மாசம் ஆபீஸுக்கு வந்தார். "ஆடிட்டர் சார், இனிமே மெஷினை விக்கப் போறதில்ல. வீட்ல மாட்டிட்டு, லிட்டருக்கு ஒரு ரூபா வாங்கப் போறேன். நகைக்கடனுக்குக்கூடப் பேசிட்டேன்" என்றார். உட்கார வைத்து, அவர் சொன்ன நம்பர்களை வைத்தே கணக்குப் போட்டோம். எல்லாமே ஜிஎஸ்டி சேர்க்காத தொகை.

மாட்டுகிற செலவோடு ஒரு மெஷின் அவருக்கு 9,500 ரூபாய். 14,500-க்கு விற்றால் அன்றைக்கே 5,000 லாபம். கதை முடிந்தது.

வாடகைக்கு விட்டால்? ஒரு குடும்பம் தினம் 15 லிட்டர் பிடித்தால் மாசம் 450 ரூபாய், வருஷத்துக்கு 5,400. ஃபில்டர், மெம்பரேன், டெக்னீஷியன் செலவு வருஷத்துக்குச் சராசரியா 2,000. இது இப்போ அவர் தலையில். மிச்சம் 3,400. போட்ட பணம் திரும்பவே ஏறக்குறைய 34 மாசம் ஆகும். அஞ்சு வருஷம் ஓடினால் 7,500 லாபம். விற்பதைவிட அதிகம்தான், ஆனால் அந்த வீட்டுக்காரர் அஞ்சு வருஷமும் அங்கேயே இருக்கணும். கடன் வட்டியை இன்னும் கழிக்கவே இல்லை!

அவர் யோசிக்காத இடம் வரி. வாடகைக்கு விட்ட மெஷின் சரக்கு கிடையாது, அவருடைய சொத்து. அதனால் 9,500-ஐ முதல் வருஷமே செலவாக எழுத முடியாது. வருஷம் 15% தேய்மானம்தான், அதாவது 1,425. (180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அதிலும் பாதி.) ஏப்ரலில் 100 மெஷின் மாட்டினால், வருஷக் கடைசியில் கையிலிருந்து 6.1 லட்சம் போயிருக்கும். புத்தகத்திலோ கிட்டத்தட்ட 2 லட்சம் லாபம் தெரியும். இதைக் காட்டியதும் மனுஷன் தண்ணி கேட்டார்!

அடுத்தது லிட்டர் கணக்கு. ரெண்டு பேச்சிலர்கள் இருக்கும் ரூமில் தினம் 5 லிட்டர்தான் போகும். வருஷ வசூல் 1,800. ஃபில்டர் செலவு லிட்டரோடு சேர்ந்து குறையாது. தண்ணீர் குறைவாக ஓடினாலும் கார்பன் ஃபில்டரைக் காலக்கெடுவில் மாற்றித்தான் ஆகணும். அதனால் மாசக் குறைந்தபட்சக் கட்டணம் 350 என்று வைத்தோம். திருப்பித் தரும் டெபாசிட் 2,000. அது வருமானம் இல்லை, கடன். தனியாக வைக்கச் சொல்லியிருக்கேன்.

போர் தண்ணீர் டிடிஎஸ் (நம்ம இன்கம்டாக்ஸ் டிடிஎஸ் இல்லைங்க, தண்ணியில கரைஞ்ச உப்பு) ரொம்ப அதிகமான வீடுகளில் மெம்பரேன் சீக்கிரமே போயிடும். அந்த 2,000 கணக்கு அங்கே செல்லாது. இப்போ அவர் முதலில் மீட்டரை வைத்துப் பார்க்கிறார். 1,000-க்கு மேல் காட்டினால் விற்பனை மட்டும்தான். மத்த வீடுகளில் 20 மெஷின், சொந்தப் பணத்தில். நகைக்கடன் வாங்கலை.